தமிழில் எழுதிய பரிந்துரைக் கடிதம்: ஆங்கிலத்துக்கு யார் கொண்டுபோவது?

அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த ஒரு பிளஸ் டூ மாணவி, காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறாள். கல்லூரி கேட்பது பாடம் நடத்திய ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். அவளை நன்றாக அறிந்தவர் இயற்பியல் ஆசிரியர். அவர் பல வருடங்களாகத் தமிழிலேயே பாடம் நடத்துபவர், தமிழில் எழுதினால் பிரமாதமாக எழுதுவார். ஆங்கிலம் படித்தால் புரியும், எழுதச் சொன்னால் கை தயங்கும். இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் கல்லூரிக்கு எப்படிச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துபவன். சக ஆசிரியர்களின் கடிதங்கள் என் மேசைக்கு வருவது வழக்கம். நடைமுறையில் ஐந்து வழிகள் இருக்கின்றன. ஆசிரியரே தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று. மாணவி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டுவர ஆசிரியர் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. ஆசிரியர் தமிழில் எழுதியதை மாணவியே மொழிபெயர்ப்பதும் உண்டு. அதே பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்க்கலாம். காசு கொடுத்து மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் சான்றோடு வாங்கவும் செய்யலாம். இவற்றில் எது நல்ல ஆங்கிலம் தரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: ஆசிரியர் சொன்ன செய்தி முழுதாகப் போய்ச் சேருகிறதா? இது ஆசிரியரின் கடிதம்தான் என்று படிப்பவர் நம்ப முடிகிறதா? சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் வரும் கடிதங்களைப் படிப்பவர்கள். ஆங்கிலம் சற்றுத் தட்டையாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். யார் எழுதியது என்ற சந்தேகம் வந்துவிட்டால் அந்தக் கடிதத்துக்கு எடை போய்விடும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசினால் வித்தியாசம் தெரியும். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தமிழில் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

"மீட்டர் சமனச்சுற்றில் கம்பிச்சுருளையும் மின்தடைப் பெட்டியையும் இடம் மாற்றி இரண்டு முறை அளப்போம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மேசையில் மட்டும் இரண்டு விடையும் ஒத்து வராது, பல வருடமாக அப்படித்தான். பிள்ளைகள் சராசரி எடுத்து எழுதிவிடுவார்கள். நானும் மதிப்பெண் போட்டுவிடுவேன். இந்தப் பிள்ளை மட்டும் மறுநாள் உப்புத்தாள் கேட்டு வந்து நின்றது. திருகுகளைக் கழற்றி, களிம்பு பிடித்திருந்த செம்புப் பட்டைகளைத் தேய்த்துவிட்டு மறுபடி அளந்தது. விடை ஒத்து வந்தது. இப்போது எல்லா மேசையிலும் செய்முறை வகுப்புக்கு முன்னால் தேய்க்கிறோம்."

ஒரு நல்ல பரிந்துரைக் கடிதத்துக்கு வேண்டியது எல்லாம் இந்த ஏழெட்டு வரியில் இருக்கிறது. மற்றவர்கள் கவனிக்காமல் விட்ட ஒன்றைக் கவனித்தாள், காரணத்தைத் தேடினாள், கையால் செய்து பார்த்தாள், அதனால் பள்ளியின் வழக்கமே மாறியது. இதே பகுதி ஐந்து வழியிலும் என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

ஆசிரியரே ஆங்கிலத்தில் எழுதினால் இந்தப் பகுதி பெரும்பாலும் காணாமலே போய்விடும். உப்புத்தாளுக்கும் களிம்புக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று யோசிக்க வேண்டிவரும்போது, கை தானாக நன்னடத்தைச் சான்றிதழின் சொற்களுக்குப் போய்விடும். சின்சியர், ஹார்டுவொர்க்கிங், ஒபீடியன்ட், அவளுடைய எதிர்கால முயற்சிகள் எல்லாம் வெற்றி பெற வாழ்த்துகிறேன், அவ்வளவுதான். ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனால் அதே கடிதத்தை அந்த வகுப்பில் உள்ள எல்லோருக்கும் கொடுக்கலாம். நம் ஊரில் ஆசிரியர் சொல் கேட்டு நடப்பவள் என்பது பெரிய பாராட்டு. அங்கே படிப்பவருக்கு, இவள் சொந்தமாக எதையும் செய்யமாட்டாள் போலிருக்கிறது என்ற எண்ணம் வரலாம். ஆசிரியருக்கு ஆங்கிலம் ஓரளவு கைவசம் இருந்து, இந்த நிகழ்ச்சியை எளிய வாக்கியங்களில் சொல்ல முடிந்தால், அவரே எழுதுவதுதான் எல்லாவற்றையும்விட மேல். இலக்கணப் பிழை இரண்டு இருந்தாலும் பரவாயில்லை. அவர் சொல்ல நினைத்தது சொல்லப்பட்டிருந்தால் வேறு யாரையும் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது வழிதான் நம்மிடம் அதிகம் நடக்கிறது. "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, நான் கையெழுத்துப் போடறேன்" என்று ஆசிரியர் சொல்வார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வேலைச்சுமை, ஆங்கிலத் தயக்கம், பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்ற ஆசை, மூன்றும் சேர்ந்து சொல்ல வைக்கிறது. ஆனால் இதை நான் முழுதாக எதிர்க்கிறேன். முதல் காரணம், அது உண்மையில்லை. ஆசிரியர் எழுதாத ஒன்றை ஆசிரியர் எழுதியதாக அனுப்புகிறோம், அது தெரியவந்தால் கிடைத்த இடத்தையே ரத்து செய்ய அந்தக் கல்லூரிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. இரண்டாவது, அது மாணவிக்கே நஷ்டம். உப்புத்தாள் நிகழ்ச்சியை அவள் எழுதவே மாட்டாள். அவளுக்கு அது ஒரு நாள் மதியம் செய்த சின்ன வேலை. அது அரிது என்பது பல வருடமாக அந்த மேசையைப் பார்த்துவந்த ஆசிரியருக்குத்தான் தெரியும். அவள் எழுதும் கடிதத்தில் மதிப்பெண்ணும் பரிசுகளும் இருக்கும், அவை விண்ணப்பத்தில் வேறு இடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. போதாததற்கு, அவளுடைய கட்டுரையும் இந்தக் கடிதமும் ஒரே நடையில் இருக்கும். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு அது உடனே பிடிபடும்.

ஆசிரியர் தமிழில் எழுதியதை மாணவி மொழிபெயர்ப்பது இதைவிட நேர்மையானது. இருந்தாலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. காமன் ஆப்பில் பரிந்துரையாளரைச் சேர்ப்பதற்கு முன் ஃபெர்ப்பா பகுதியை நிரப்ப வேண்டும். ஃபெர்ப்பா என்பது அமெரிக்காவில் 1974இல் வந்த மாணவர் ஆவணச் சட்டம். சேர்ந்த பிறகு தன் கோப்பில் உள்ள பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை அது மாணவருக்குத் தருகிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று மாணவர் குறிக்கலாம், பெரும்பாலோர் அப்படித்தான் குறிக்கிறார்கள். ஆசிரியர் மனம் திறந்து எழுதியிருக்கிறார் என்று கல்லூரி நம்புவதற்கு அதுவே அடிப்படை. பார்க்கமாட்டேன் என்று குறித்துவிட்டு அதே கடிதத்தை உட்கார்ந்து மொழிபெயர்த்தால் அந்தக் குறிக்கு அர்த்தம் இல்லை. அப்பா, அம்மா, அக்கா செய்தாலும் இதே கதைதான். இன்னொரு சிக்கல், தன்னைப் பற்றித் தானே எழுதும் கூச்சம். அடக்கமான பிள்ளை பாராட்டைக் குறைத்துவிடும். பயந்த பிள்ளை ஊதிப் பெரிதாக்கிவிடும். "நானும் மதிப்பெண் போட்டுவிடுவேன்" என்ற வரியை, சாருக்கு அவமானம் என்று நினைத்துக் கண்டிப்பாக விட்டுவிடும். அந்த வரிதான் ஆசிரியர் எவ்வளவு நேர்மையானவர் என்று காட்டுகிறது. அதைப் படித்தபின் அவர் சொல்லும் பாராட்டையும் நம்பத் தோன்றும்.

ஆகவே உண்மையான போட்டி கடைசி இரண்டு வழிகளுக்கு இடையேதான்: பள்ளியின் ஆங்கில ஆசிரியரா, காசு வாங்கும் நிறுவனமா?

நிறுவனத்தின் பலம் அவர்கள் தரும் சான்றுத்தாள். சான்றளித்த மொழிபெயர்ப்பு என்றால் அரசு முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க வழக்கத்தில் அதன் பொருள் எளியது. மொழிபெயர்த்தவர், எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது மூலத்தின் முழுமையான, சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டு, பெயர், முகவரி, தேதியோடு தருவதுதான் சான்று. அந்த நாட்டின் குடிவரவுத் துறையே வெளிநாட்டு ஆவணங்களுக்கு இவ்வளவுதான் கேட்கிறது. நிறுவனம் இதைத் தன் முகவரித்தாளில் தரும். மொழிபெயர்ப்பாளருக்கு மாணவியைத் தெரியாது என்பதால் பாரபட்சம் என்ற பேச்சும் எழாது.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மாணவியைத் தெரியாது, ஆசிரியரைத் தெரியாது, ஆய்வகத்தையும் தெரியாது. பிறப்புச் சான்றிதழும் கிரையப் பத்திரமும் நாள் முழுக்க மொழிபெயர்ப்பவர் கையில் இந்தக் கடிதம் போனால் உப்புத்தாள் 'சால்ட் பேப்பர்' ஆகிவிட வாய்ப்பு உண்டு. மீட்டர் சமனச்சுற்றை, ஆங்கில வழிப் பாடப்புத்தகத்தில் உள்ளபடி 'மீட்டர் பிரிட்ஜ்' என்று எழுதாமல், 'பேலன்ஸ் சர்க்யூட்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றிவிடுவார்கள். களிம்பு என்ற சொல்லுக்கு அகராதி முதலில் காட்டுவது காயத்துக்குப் போடும் மருந்தாக இருந்தால் செம்புப் பட்டையில் மருந்து பூசியிருந்ததாகப் போய்விடும். "பிள்ளை வந்து நின்றது" என்ற வாஞ்சையை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்க அவருக்கு ஆளும் இல்லை. இப்படிப் போன கடிதத்தைச் சான்று காப்பாற்றாது. முழுமையானது, சரியானது என்ற கையெழுத்துக்கு மேலேயே படிப்பவருக்குப் புரியாத கதை ஒன்று இருக்கும்.

ஆங்கில ஆசிரியரின் பலம் அவர் பக்கத்து அறையில் இருப்பது. சந்தேகம் வந்தால் ஸ்டாஃப் ரூமில் கேட்டுவிடலாம். பல அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் சேர்க்கைப் பக்கத்தில், ஆசிரியருக்கு ஆங்கிலம் வராவிட்டால் பள்ளியில் உள்ள ஆங்கில ஆசிரியரோ வேறு அலுவலரோ மொழிபெயர்த்து மூலத்தோடு அனுப்பலாம் என்று சொல்லியும் இருக்கின்றன. செலவு இல்லை, கடிதம் வெளியே போவதில்லை, மாணவி கையிலும் படுவதில்லை. என் தேர்வு இதுதான். ஆனால் இதை ஒழுங்காகச் செய்ய ஒரு முறை இருக்கிறது. செய்யாவிட்டால் இந்த வழியும் இரண்டாவது வழியைப் போலக் கெட்டுவிடும்.

முதலில் ஆசிரியர் தமிழில் முழுக் கடிதத்தையும் எழுத வேண்டும். "நான் சொல்றேன், நீங்க இங்கிலீஷ்ல போட்டுக்குங்க சார்" என்று ஆரம்பித்தால் மொழிபெயர்ப்பவரே கடிதத்தை எழுதியவராகிவிடுவார். கையால் எழுதினாலும் சரி, பள்ளியின் முகவரித்தாளில் தேதி, கையெழுத்து, முத்திரையோடு ஒரு தமிழ் மூலம் கையில் இருக்க வேண்டும். தட்டச்சு செய்தால் அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்வதே பாதுகாப்பு. பள்ளி அலுவலகக் கணினிகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. அந்தக் கோப்பை அப்படியே அனுப்பினால் எழுத்துரு இல்லாத இடத்தில் திறக்கும்போது வெறும் குறியீடுகளாகத் தெரியும்.

பிறகு மொழிபெயர்ப்பவர் கடிதத்தை ஒருமுறை படித்துவிட்டு எழுதியவரிடம் கேள்வி கேட்க வேண்டும். இந்த நிகழ்ச்சி எப்போது நடந்தது, பதினொன்றிலா பன்னிரண்டிலா? வகுப்பில் எத்தனை பேர்? பல வருடம் என்றால் எத்தனை? பொறுமைசாலி என்று எழுதியிருக்கிறீர்களே, எதைப் பார்த்து? பதில் வரும்போது புது விவரங்கள் வரும். உதாரணமாக அந்த ஆசிரியர், அவள் உப்புத்தாள் கேட்டபோது முதலில் தான் கோபப்பட்டதையும், தேர்வு நேரத்தில் கருவியைப் பிரிக்காதே என்று சொன்னதையும், அவள் பள்ளி முடிந்தபிறகு காத்திருந்து மறுபடி கேட்டதையும் சொல்லலாம். அது கடிதத்தில் இருந்தே ஆக வேண்டிய செய்தி. ஆனால் நேராக ஆங்கிலத்தில் சேர்த்துவிடக் கூடாது. ஆசிரியர் அதைத் தமிழ் மூலத்தில் சேர்த்து எழுதித் தந்தபின்தான் ஆங்கிலத்துக்கு வர வேண்டும். இரண்டும் ஒன்றாகப் போகப்போகின்றன. தமிழ் தெரிந்தவர் ஒருவர் எடுத்துப் பார்த்தால் வரிக்கு வரி பொருந்த வேண்டும். தமிழில் இல்லாத பாராட்டு ஆங்கிலத்தில் இருந்தால் மொத்தக் கடிதமும் பொய்யாகத் தோன்றிவிடும்.

மொழிபெயர்க்கும்போது அழகுபடுத்தும் ஆசை ஆங்கில ஆசிரியர்களான எங்களுக்கு உண்டு. இயற்பியல் ஆசிரியர் குறுகிய வாக்கியத்தில் எழுதியிருந்தால் ஆங்கிலமும் குறுகிய வாக்கியத்தில் போகட்டும். "விடை ஒத்து வந்தது" என்பதற்கு மூன்று சொல்லில் ஒரு ஆங்கில வாக்கியம் போதும். பள்ளியின் இரண்டு ஆசிரியர்கள் பரிந்துரைத்து, இரண்டு கடிதத்தையும் ஒரே ஆள் மொழிபெயர்க்கும்போது இதில் கூடுதல் கவனம் வேண்டும். வேதியியல் மேடமும் இயற்பியல் சாரும் ஒரே சொற்றொடரில் பேசினால், இரண்டையும் எழுதியது ஒரே கை என்று தோன்றும். முடிந்தால் இரண்டாவது கடிதத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

முடித்தபின், ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் திருப்பிச் சொல்லி ஆசிரியருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மூலத்தைப் பார்க்காமல், ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். "நான் அப்படிச் சொல்லலையே சார்" என்ற பதில் எங்காவது ஓரிடத்தில் வரும். அந்த இடம்தான் திருத்த வேண்டிய இடம். தன் மதிப்பெண் வரியை வைத்துக்கொள்வதா எடுப்பதா என்பதையும் இங்கே அவரே முடிவு செய்யட்டும். எடுத்தால் இரண்டு மொழியிலும் எடுக்க வேண்டும்.

பெயரில் தனி எச்சரிக்கை தேவை. தமிழ்க் கடிதத்தில் மு. கயல்விழி என்று இருக்கும். விண்ணப்பத்தில் கடவுச்சீட்டின்படி அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கலாம். சிறப்பு ழகரத்தை Kayalvizhi என்று எழுதுவோரும் உண்டு, Kayalvili என்று எழுதுவோரும் உண்டு. மொழிபெயர்ப்பில் விண்ணப்பத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் ஒரு எழுத்து பிசகாமல் வர வேண்டும். தேதியில் மாதத்தை எண்ணாகப் போடாமல் பெயராக எழுதுங்கள். நாம் 05-10 என்று எழுதினால் அக்டோபர், அமெரிக்கர் படித்தால் மே. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் குறிப்பிட்டால் 500க்கு எத்தனை என்று மொத்தத்தையும் சேர்த்தே எழுத வேண்டும், மூலத்திலும் அப்படியே இருக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பின் தலையில், இன்ன தேதியிட்ட தமிழ்க் கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி. முடிவில் ஆசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் மூலத்தில் எங்கே இருக்கின்றனவோ அங்கே சதுர அடைப்புக்குள் அதைச் சொல்லும் குறிப்பு. தனித்தாளில் மொழிபெயர்ப்பவரின் உறுதிமொழி: பெயர், பதவி, பள்ளி, தொடர்பு விவரம், இரு மொழியும் அறிந்தவர், மாணவிக்கு உறவினர் அல்ல, மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது. கையெழுத்து, தேதி. ஆங்கிலம் முதலில், தமிழ் மூலம் அடுத்து, உறுதிமொழி கடைசியில் என்று மூன்றையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக்க வேண்டும். தனித்தனியாக அனுப்பினால் ஒன்று கோப்பில் ஏறாமல் போகலாம்.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். காமன் ஆப் ஆசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலைத் திறந்தால் கடிதத்தைப் பதிவேற்றும் இடத்தோடு ஒரு மதிப்பீட்டுப் படிவமும் ஆங்கிலத்தில் இருக்கும். இந்த மாணவரை எத்தனை நாளாகத் தெரியும், எந்த வகுப்பில் எந்தப் பாடம் நடத்தினீர்கள், இவரை நினைத்தால் முதலில் தோன்றும் சொற்கள் எவை என்று கேட்கும். பிறகு ஓர் அட்டவணை. சராசரிக்குக் கீழே என்பதிலிருந்து, நான் பார்த்த மிகச் சிலரில் ஒருவர் என்பது வரை படிகள் இருக்கும், மேல் படிகளுக்குப் பக்கத்தில் சதவீதமும் இருக்கும். நம் ஆசிரியர்கள் பிள்ளை மேல் உள்ள பாசத்தில் எல்லாக் கட்டத்திலும் உச்சியைக் குறித்துவிடுவார்கள், அல்லது 'குட்' என்றால் நன்று தானே என்று நடுவில் நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு படிக்கும் தமிழில் பொருள் சொல்லி, நூறு பேரில் எத்தனையாவது ஆள் என்று கேட்டு, அவர் சொல்வதை அவரே குறிக்க விட வேண்டும். பதிவேற்றும் பொத்தானையும் அவர் கையே அழுத்தட்டும்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியருக்கு மின்னஞ்சல் பார்க்கும் வழக்கம் இல்லை என்று மாணவரே அவர் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கி, அழைப்பைத் தானே திறந்து, தானே நிரப்புவது நடக்கிறது. பக்கத்தில் ஆசிரியர் சம்மதத்தோடு உட்கார்ந்திருந்தாலும் இது ஆள்மாறாட்டம்தான். ஆசிரியருக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறதா, கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று கடிதம் கேட்கும் நாளிலேயே கேட்டுவிட்டால் இந்த நிலை வராது.

நிறுவனத்திடம் போகவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. கல்லூரி தன் பக்கத்தில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரின் சான்று வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் வேறு பேச்சுக்கு இடமில்லை. பள்ளியில் உள்ள ஒரே ஆங்கில ஆசிரியர் மாணவிக்குச் சித்தப்பா முறை என்றாலும் வெளியேதான் போக வேண்டும். அப்போது கடிதத்தை மாணவி கையில் கொடுத்து அனுப்பாமல், ஆசிரியரோ ஹெச்.எம்.மோ நேரடியாக அனுப்ப வேண்டும். கூடவே ஒரு சிறு தாள்: மாணவியின் பெயர் விண்ணப்பத்தில் உள்ளபடி, பள்ளியின் ஆங்கிலப் பெயர், கடிதத்தில் வரும் கருவிகளுக்கும் பாடச் சொற்களுக்கும் ஆங்கில வழிப் பாடப்புத்தகத்தில் உள்ள பெயர்கள். பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் இரண்டு வழியிலும் ஒரே பாடத்திட்டம் என்பதால், தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் அருகருகே வைத்தால் ஒரு பாடவேளைக்குள் இந்தப் பட்டியல் தயாராகிவிடும். இறுதிச் சான்று போடும் முன் வரைவைக் கேட்டு வாங்கி ஆசிரியருக்குப் படித்துக் காட்டுவதும் இங்கே உண்டு. அதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்தை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

நோட்டரியைப் பற்றி எப்போதும் கேட்கிறார்கள். 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், மொழிபெயர்ப்பதையும் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பதையும் நோட்டரியின் பணிகளில் ஒன்றாகவே சொல்கிறது. நடைமுறையில் நீதிமன்ற வாசலில் கிடைக்கும் முத்திரை, கையெழுத்திட்டவர் இவர்தான் என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே எழுதியிருப்பது சரியா என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. கல்லூரி கேட்டால் ஒழிய அதற்கு அலைய வேண்டாம். இலங்கையில் நிலைமை வேறு. அங்கே சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு அவர்கள் முத்திரையோடு தரும் மொழிபெயர்ப்புக்கு மதிப்பு உண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு, சான்று கட்டாயம் என்ற இடத்தில் அதுவே நேர்வழி. பாடச் சொற்களின் தாளை அவர்களிடமும் கொடுக்கத்தான் வேண்டும்.

பிரிட்டனுக்கு, அந்நாட்டின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பித்தால் கணக்கு மாறும். அங்கே பரிந்துரையைக் கோப்பாக இணைக்க முடியாது, பெட்டியில் ஆங்கிலத்தில் உரையாகவே போட வேண்டும். 2024 சேர்க்கையிலிருந்து அது மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: பள்ளியைப் பற்றிய பொது விவரம், மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதும் இருந்தால் அது, மற்றபடி கல்லூரி அறிய வேண்டியவை. எல்லாம் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் அடங்க வேண்டும், இடைவெளியும் கணக்கில் சேரும். எனவே முதலிலேயே ஆசிரியரிடம் மூன்று தலைப்பாகத் தமிழில் எழுதச் சொல்வது நல்லது. நீளமான கடிதத்தை வாங்கிவிட்டு மொழிபெயர்ப்பவர் தன் இஷ்டத்துக்குச் சுருக்கினால், எதை விடுவது என்று முடிவெடுப்பவர் ஆசிரியராக இருக்கமாட்டார். தமிழ் மூலத்தை யூகாஸ் கேட்காது, ஆனாலும் கையெழுத்தோடு பள்ளிக் கோப்பில் வைத்திருங்கள். எப்போதாவது சரிபார்க்கக் கேட்டால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

எந்த வழி என்று உறுதி செய்ய ஒரு மின்னஞ்சல் போதும். பரிந்துரையாளர் தமிழில் எழுதுகிறார், அதே பள்ளியின் ஆங்கில ஆசிரியர் மொழிபெயர்த்து மூலத்தோடும் உறுதிமொழியோடும் அனுப்பினால் ஏற்பீர்களா என்று ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கும் மாணவியே எழுதிக் கேட்கலாம். வரும் பதிலை அச்செடுத்து ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் முன்கூட்டிய விண்ணப்பத்துக்கு நவம்பர் 1உம் வழக்கமான விண்ணப்பத்துக்கு ஜனவரி தொடக்கமும் பரவலான கெடு. நம் பள்ளியில் செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு. விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கும்போது எந்த ஆசிரியராலும் உப்புத்தாள் கதையை நினைவுபடுத்தி எழுத முடியாது. ஆகஸ்டில் கேட்டு, காலாண்டுக்கு முன் தமிழ்க் கடிதம் கைக்கு வந்துவிட்டால், காலாண்டு விடுமுறையில் இரண்டு ஆசிரியர்களும் அரைநாள் சேர்ந்து உட்கார்ந்து மொழிபெயர்ப்பை முடித்துவிடலாம்.